கேள்விகள் குறையும்போது

கூடத்துத் தரையில் மூன்று வயதுப் பையன் உட்கார்ந்திருக்கிறான். கையில் ஒரு பொம்மைக் கார். அதைத் தலைகீழாகப் பிடித்து ஒரு சக்கரத்தை விரலால் சுற்றுகிறான், அது நிற்கும்வரை பார்க்கிறான், மறுபடி சுற்றுகிறான். எதிரே அம்மா. "இது என்ன கண்ணா? கார். கார் சொல்லு. கா...ர். என்ன கலர் இது? இங்க பாரு, அம்மாவப் பாரு. கார் எப்படிப் போகும்? கீழ வெச்சு ஓட்டு." பையன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, முதுகை அம்மாவுக்குக் காட்டி உட்கார்கிறான். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பையனுக்குக் கவின் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பல வீடுகளில் காணக்கூடியதைச் சேர்த்து இந்த அத்தியாயத்துக்காக நான் அமைத்த குழந்தை அவன். ஆட்டிசம் என்று ஆறு மாதத்துக்கு முன் சொல்லியிருக்கிறார்கள். காது கேட்கிறதா என்ற பரிசோதனை முடிந்துவிட்டது, நன்றாகக் கேட்கிறது. தெளிவாகச் சொல்லும் சொற்கள் மூன்று நான்குதான். வேண்டியதை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறான்.

மேலே சொன்ன காட்சியை யாரோ செல்பேசியில் படம் பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எண்ணுவோம். அம்மா முப்பது முறை பேசியிருக்கிறார். அதில் இருபத்தைந்து கேள்வி அல்லது கட்டளை. மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மீதி இரண்டுதான் கவின் அந்த நொடியில் செய்துகொண்டிருந்ததைப் பற்றியவை. கவின் தானாக அம்மாவிடம் எதையாவது தெரிவித்தது ஒரே ஒரு முறை: சுற்றும் சக்கரத்தை ஒரு வினாடி அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். அப்போது அம்மா கேட்டது, "என்ன கலர்?"

அந்த ஒரு வினாடிதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

*

பிரிட்டனில் ஜோனதன் கிரீன் என்ற குழந்தை மனநல மருத்துவரின் தலைமையில் மான்செஸ்டர், லண்டன், நியூகாசில் ஆகிய மூன்று ஊர்களில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் இருந்த 152 ஆட்டிசக் குழந்தைகளின் குடும்பங்கள் அதில் சேர்ந்தன. பாதிக் குடும்பங்களுக்கு வழக்கமான சேவைகள் மட்டும். மற்றப் பாதிக்கு அவற்றோடு புதிய பயிற்சி ஒன்று. 'பேக்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பயிற்சியில், சிகிச்சையாளர் குழந்தையோடு உட்கார்ந்து எதையும் கற்றுத்தருவதில்லை. அம்மாவும் அப்பாவும் குழந்தையோடு விளையாடுவதைச் சில நிமிடம் படம் பிடித்து, பிறகு பெற்றோரோடு சேர்ந்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கிறார். ஆறு மாதம் இரு வாரத்துக்கு ஒரு முறை, அடுத்த ஆறு மாதம் மாதம் ஒரு முறை. இடைப்பட்ட நாட்களில் வீட்டில் தினமும் அரை மணி நேரம் வரை பெற்றோர் அதைப் பழக வேண்டும்.

படத்தில் எந்த இடத்தைப் போட்டுக்காட்டுவது என்பதில்தான் இந்தப் பயிற்சியின் நுட்பம் இருக்கிறது. தவறுகளைத் தேடிக் காட்டினால், ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் அம்மா அடுத்த முறை கேமரா முன்னால் உட்கார மாட்டார். அதனால் பத்து நிமிடப் படத்தில் நன்றாக நடந்த பத்து வினாடியைத் தேடுகிறார்கள். கவின் சக்கரத்தை நீட்டிய இடத்தில் படத்தை நிறுத்தி, "அக்கா, இந்த எடத்துல அவன் என்ன பண்றான்?" என்று கேட்கிறார் பயிற்சி தருபவர். அம்மா ஒரு முறை பார்க்கிறார், இன்னொரு முறை போடச் சொல்கிறார். "எங்கிட்ட காட்றானா?" என்கிறார். அதுவரை சக்கரம் சுற்றுவது அவருக்கு ஒரு நோய்க்குறி. இப்போது அது அவருக்குக் காட்டப்பட்ட ஒரு பொருள்.

அந்த இரு வாரத்துக்கு ஒரே ஒரு வேலைதான் தரப்படும். கவின் எதைப் பார்க்கிறானோ அதை அம்மாவும் பார்க்க வேண்டும். அவன் முகம் தெரியும்படி எதிரே, தரையில். முதலில் வாய் திறக்காமல் பார்ப்பது. பிறகு அவன் கவனத்தில் இருப்பதைப் பற்றி மட்டும் ஓரிரு சொல்: "சுத்துது." நின்றதும், "நின்னுடுச்சு." கேள்வி இல்லை, சொல்லச் சொல்வது இல்லை.

கேள்விக்கும் இப்படிச் சொல்வதற்கும் அப்படி என்ன வித்தியாசம்? மொழி இன்னும் வராத குழந்தைக்கு "என்ன கலர்?" என்பது இரட்டை வேலை. தன் கவனத்தைச் சக்கரத்திலிருந்து பிரித்து அம்மா நினைக்கும் விஷயத்துக்குக் கொண்டுபோக வேண்டும், பிறகு அவர் எதிர்பார்க்கும் பதிலையும் கண்டுபிடிக்க வேண்டும். கவனத்தை இடம் மாற்றுவது ஆட்டிசக் குழந்தைகள் பலருக்குக் கடினம். "சுத்துது" என்ற சொல்லோ, அவன் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் மேலேயே வந்து விழுகிறது. சொல்லும் பொருளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்கின்றன. மைக்கேல் சில்லர், மரியன் சிக்மன் என்ற ஆய்வாளர்கள் 2002-இல் இதற்கு நீண்டகாலச் சான்று ஒன்றை வெளியிட்டார்கள். ஆட்டிசக் குழந்தையின் கவனத்தைத் தொடர்ந்து சென்று பேசிய பெற்றோரின் பிள்ளைகள், பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மொழியில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அம்மா பேசும் விதத்தை மாற்றினால் குழந்தை மாறுகிறது என்றதும், 'அப்படியானால் என் பேச்சால்தான் இவனுக்கு இப்படி ஆனதா?' என்று மனம் உடைந்துபோகும் தாய்மார் இருக்கிறார்கள். இல்லை. பாசம் காட்டாத தாயால் ஆட்டிசம் வருகிறது என்று மேற்கில் ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதினார்கள். அந்தக் கொடுமையான கருத்து பல பத்தாண்டுகளுக்கு முன்பே தூக்கியெறியப்பட்டது. ஆட்டிசத்தின் வேர் பெரும்பாலும் மரபணுக்களில், குழந்தை பிறப்பதற்கு முன்பே நடக்கும் மூளை வளர்ச்சியில் இருக்கிறது. கேள்விகள் ஏன் குவிகின்றன என்பதையும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். மற்றக் குழந்தை ஒரு நாளில் நூறு முறை அம்மாவைப் பார்க்கும், கை நீட்டும், மழலை பேசும்; அம்மாவுக்குப் பதில் சொல்லவே நேரம் போதாது. கவின் அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்த வெற்றிடத்தை எந்த அம்மாவும் பேசித்தான் நிரப்புவார். பயிற்சியில் தருவது, சாதாரணக் குழந்தைக்குத் தேவைப்படாத ஒரு தனித்திறமை. அதை யாரும் பிறக்கும்போதே கற்றுவருவதில்லை.

*

முதல் படியில் கவின் வீட்டுக்கு ஐந்தாறு வாரம் பிடிக்கிறது. அதன்பின் பயிற்சி இன்னொரு பக்கம் திரும்புகிறது. இப்போது அவனே தொடங்கும்படி செய்ய வேண்டும். அதற்கு வேண்டியது, ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் ஒரே வரிசையில் நடக்கும் ஒரு விளையாட்டு.

நம் வீடுகளில் அதற்குத் தயாராக ஒன்று இருக்கிறது. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி ஒவ்வொருவருக்கும் சோறு ஊட்டி, கடைசியில் இரண்டு விரல்களைக் கை வழியே நண்டு போல ஊரவிட்டு அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு. பாட்டிமார் காலங்காலமாகச் செய்துவருவது. ஒரு மொழிப் பயிற்சியாளர் உட்கார்ந்து திட்டம் போட்டு அமைத்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைக்க முடியாது என்று நினைக்கிறேன். இதற்கு ஒரு தொடக்கம், தெரிந்த வரிசை, எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே தெரியும் உச்சம் எல்லாம் இருக்கின்றன. பொம்மை தேவையில்லை. இருவரும் முகத்துக்கு முகம் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டிய முறை இது. முதல் சில நாட்கள் முழு விளையாட்டையும் அப்படியே, அதே சொற்கள், அதே வேகம். வரிசை அவன் உடம்பில் பதிய வேண்டும். பதிந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? விரல்கள் ஊர ஆரம்பித்ததுமே அவன் தோளைச் சுருக்குவான், சிரிப்பு முன்கூட்டியே வந்துவிடும். அது தெரிந்த பிறகுதான் நிறுத்தல் வருகிறது. விரல்கள் முழங்கையைத் தாண்டியதும் அப்படியே நிற்கின்றன. அம்மா ஆவலான முகத்தோடு காத்திருக்கிறார். மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுகிறார். "வேணுமா?" என்று கேட்கக்கூடாது. இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி. படத்தைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலோர் இரண்டு வினாடிகூடப் பொறுத்திருக்க மாட்டார்கள், பத்து எண்ணியதாக நினைத்திருப்பார்கள்.

அந்த இடைவெளியில் கவின் ஏதாவது செய்வான். அம்மாவின் விரலைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்கலாம். கையை இன்னும் நீட்டலாம். "ம்" என்று ஒரு சத்தம் வரலாம். எதுவானாலும் அதையே பேச்சாக எடுத்துக்கொண்டு உடனே பதில் தர வேண்டும்: "கிச்சுக்கிச்சு!" விரல்கள் ஓடிப்போய் அக்குளில் சேர்கின்றன. சரியாக உச்சரித்தால்தான் தருவேன் என்ற பேரம் இதில் கிடையாது. தன்னால் இன்னொருவரை அசைக்க முடிந்தது என்ற அனுபவம் அவனுக்குக் கிடைக்கிறது, அதற்காகத்தான் நிறுத்தினோம்.

பத்து எண்ணியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் விளையாட்டைத் தொடர்ந்துவிட வேண்டும், கெஞ்சியோ வற்புறுத்தியோ நீட்டக்கூடாது. பல முறை அப்படி ஆனால், வரிசை இன்னும் பதியவில்லை, அல்லது கிச்சுக்கிச்சு அவனுக்குப் பிடிக்கவே இல்லை. தொடுவதை உடம்பு ஏற்காத குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு வேறு வரிசை தேட வேண்டும். குளிக்கும்போது குவளைத் தண்ணீரைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்திவிட்டு ஊற்றலாம். போர்வைக்குள் ஒளிந்து எட்டிப் பார்க்கலாம். தோசைக் கல்லில் அம்மா தண்ணீர் தெளித்ததும் வரும் 'ஸ்ஸ்' சத்தத்துக்காக ஓடிவரும் பையன் என்றால், அடுப்புக்கு எட்டத்தில் அவனை நிற்கவைத்து, தண்ணீர்க் கையைக் கல்லுக்கு மேலே நிறுத்திக் காத்திருக்கலாம். விளையாட்டு நேரத்தில் பழகியது வீட்டின் மற்ற வேலைகளுக்கு இப்படித்தான் நகர்கிறது.

சொற்களின் நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. குழந்தையிடம் சொல் இல்லையென்றால் நம் பேச்சு ஒரு சொல். அவனிடம் ஒரு சொல் இருந்தால் நம்முடையது இரண்டு. "தண்ணி" என்று அவன் சொன்னால், "தண்ணி ஊத்து" என்று ஒன்று சேர்த்துச் சொல்கிறோம், திருப்பிச் சொல்லச் சொல்வதில்லை.

சொல்லை யாருடைய நிலையிலிருந்து சொல்கிறோம் என்பதும் முக்கியம். ஆட்டிசக் குழந்தைகள் பலர் கேட்ட வாக்கியத்தை அப்படியே பிடித்துவைத்துக்கொள்வார்கள். தாகம் எடுத்ததும் "தண்ணி வேணுமா?" என்று கேட்பான் பையன். வந்தவர்கள், நமக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறான் என நினைத்துப் பாராட்டுவார்கள். உண்மையில், தண்ணீர் வரும்போதெல்லாம் அவன் காதில் விழுந்த வாக்கியம் அது, அதையே தண்ணீரின் பெயராகச் சொல்கிறான். அவனைத் திருத்துவதால் பயன் குறைவு. அவன் சொல்ல வேண்டியதை அவன் நிலையிலிருந்து நாமே சொல்வது மேல். அவன் கை தம்ளரை நோக்கி நீளும்போது, "தண்ணி வேணும்." இன்னொரு முறை கேட்கும்போதும் அதையே.

*

2010-இல் பிரிட்டன் ஆய்வின் முடிவுகள் 'லான்செட்' இதழில் வந்தபோது பலருக்கு ஏமாற்றம். பெற்றோரின் பேச்சு பெரிய அளவில் மாறியிருந்தது. குழந்தைகள் தாமாகத் தொடங்கும் முயற்சிகளும் கூடியிருந்தன. ஆனால் முன்பின் தெரியாத ஒரு நிபுணர் குழந்தையோடு உட்கார்ந்து ஆட்டிசக் கூறுகளை மதிப்பிடும் சோதனையில், இரு பிரிவுக்கும் இடையிலான வித்தியாசம் சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம் எனும் அளவுக்கு.

அதோடு விட்டுவிடாமல் அந்தக் குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். பயிற்சி முடிந்து சராசரியாக ஆறு ஆண்டுகள் நெருங்கும் நேரத்தில், 121 பேரை மறுபடி கண்டுபிடித்து அதே வகைச் சோதனையைச் செய்தார்கள். 2016-இல் அந்த முடிவு வந்தது. கடுமையான நிலையில் இருந்தவர்கள் பயிற்சி பெற்ற பிரிவில் 46 சதவீதம், பெறாத பிரிவில் 63 சதவீதம். மேம்பட்ட மதிப்பெண் முறையில் கணக்கிட்டபோது, பயிற்சி முடிந்த காலத்தில் தெரிந்த நன்மை பல ஆண்டுகள் கழித்தும் ஏறக்குறைய அப்படியே நின்றிருந்தது.

அந்த நன்மை எந்த வழியாக வந்தது என்பதையும் புள்ளிவிவரத்தில் பிரித்துப் பார்த்தார்கள். பெற்றோர் குழந்தையின் கவனத்தோடு ஒத்துப்போவது கூடியது. அதனால் குழந்தை தானாகத் தொடங்குவது கூடியது. பெரும்பாலும் அதன் வழியாகவே சோதனை மதிப்பெண் மாறியது. கவின் சக்கரத்தை நீட்டிய வினாடிகளைப் பெருக்குவதுதான் பயிற்சியின் உள்ளே ஓடும் இயந்திரம்.

ஆனால் எல்லாம் மாறிவிடவில்லை. நேரடியாகச் சோதித்த மொழித் திறனில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. குழந்தைகளின் பதற்றமும் குறையவில்லை. 'இதைச் செய்தால் பேசிவிடுவான்' என்று எவராவது உறுதி சொன்னால், ஆய்வில் இல்லாததைச் சொல்கிறார்.

பிரிட்டனில் இதைச் செய்தவர்கள் மொழிப் பயிற்சியாளர்கள். நம் நாட்டில் அவர்கள் எத்தனை பேர், எந்த ஊர்களில் என்று பெற்றோருக்குத் தெரியும். அதனால் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். நிபுணர் அல்லாத ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கே அனுப்பினால் இது நடக்குமா? கோவாவில் 'சங்காத்' அமைப்பின் கௌரி திவான் அதில் முன்னின்றார். இரு ஊர்களிலும் சேர்த்து, இரண்டு முதல் ஒன்பது வயதுவரையான 65 குழந்தைகள். ஆறு மாதத்தில் வீட்டில் பன்னிரண்டு சந்திப்புகள். 2016-இல் வந்த முடிவில், பெற்றோரின் ஒத்திசைவு பிரிட்டனைப் போலவே வலுவாகக் கூடியது, குழந்தைகள் தொடங்குவதும் கூடியது. ஓர் அளவு மட்டும் எதிர்த்திசையில் போனது: அம்மாவும் குழந்தையும் ஒன்றாக ஒன்றைக் கவனித்திருந்த நேரம் பயிற்சி பெற்ற பிரிவில் குறைவாக இருந்தது. நல்ல முடிவுகளோடு அதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள், அதனாலேயே அந்த ஆய்வை நான் கூடுதலாக நம்புகிறேன். கோவாக் குழுவினர் பின்னர் இதோடு உறக்கம், உணவு, கழிவறைப் பழக்கம் போன்ற சிக்கல்களுக்கான பகுதியையும் சேர்த்தார்கள். மூன்று இரவு தூங்காத அம்மாவால் பத்து எண்ணிக் காத்திருக்க முடியாது அல்லவா.

*

மூன்றாம் மாதம் கவின் வீட்டில் இன்னொரு படம் எடுத்துப் பார்க்கிறோம். பேச்சு மாறியிருக்கிறது, கேள்விகள் ஏறக்குறைய நின்றுவிட்டன. ஆனால் கவின் மறுபடி முதுகைக் காட்டுகிறான். இது அடிக்கடி நடப்பது. அம்மா கேள்வியின் இடத்தில் வர்ணனையை வைத்துவிட்டார்: "கார் எடுக்கறான், கவின் சக்கரத்தச் சுத்தறான், சுத்துது சுத்துது, இப்ப நீலக் கார் எடுத்துட்டான்..." மூச்சு விட இடமில்லை. கட்டளை போய்விட்டாலும் குழந்தை நுழைய ஒரு சந்துகூட இல்லை. கண்டுபிடிக்கும் வழி எளிது. படத்தின் ஒரு நிமிடத்தில் அம்மா மௌனமாக இருந்த மிக நீண்ட இடைவெளி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஐந்து வினாடிகூட இல்லையென்றால் பேச்சைப் பாதியாக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 'அவன் போக்கில் விடு' என்பதைத் தனியாக விட்டுவிடுவது என்று புரிந்துகொண்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். குழந்தை அமைதியாக இருக்கும், சண்டை இல்லை, எல்லோருக்கும் நிம்மதி. அந்தப் படத்தில் குழந்தை தொடங்கிய முயற்சிகளை எண்ணினால் பூச்சியம் வரும். அப்போது கையில் அதே போன்ற இன்னொரு காரை எடுத்துத் தானும் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், அவன் நிறுத்தும்போது நிறுத்த வேண்டும். தன்னைப் போலவே செய்யும் ஆளைக் குழந்தை பெரும்பாலும் ஓரக்கண்ணால் பார்க்கும். சில குழந்தைகள் அதையும் தொந்தரவாக எடுத்துக்கொண்டு விலகினால் ஓரடி பின்வாங்கி உட்கார வேண்டும்.

வீட்டில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். அம்மா காத்திருக்கும் பத்து வினாடிக்குள் பாட்டி அறையிலிருந்து, "என்னடி பிள்ளைய ஏங்க வெக்கற?" என்று வந்து குவளைத் தண்ணீரை ஊற்றிவிடுவார். பாட்டியையும் உட்காரவைத்து அந்தப் பத்து வினாடிப் படத்தைக் காட்டுவதே நல்ல வழி. பருப்புக் கடையும் விளையாட்டு அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

ஆறாம் மாதப் படத்தில் கவின் இரண்டு நிமிடத்தில் ஏழு முறை தொடங்குகிறான். ஐந்து முறை கேட்பதற்காக, இரண்டு முறை வெறுமனே காட்டுவதற்காக. அந்த இரண்டுதான் கூடுதல் மதிப்புள்ளவை, ஏனென்றால் வேண்டியதைப் பெறுவதைத் தாண்டி, தான் பார்ப்பதை இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்ற விருப்பம் அவற்றில் இருக்கிறது. சொற்கள் பன்னிரண்டாகியிருக்கின்றன. பல குழந்தைகளுக்கு அவ்வளவுகூட வராது, சிலருக்கு நிறைய வரும். பேச்சு வரத் தாமதமானால் படங்களைக் காட்டிப் பேசும் முறையையும் சேர்த்துத் தொடங்கலாம். அதனால் வாய்ப்பேச்சு தடைபடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை.

அடுத்த தடை பள்ளி. அம்மாவிடம் ஏழு முறை தொடங்கும் பையன், முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு முறைகூடத் தொடங்காமல் இருக்கலாம். கிரீன் குழு இதையும் நேராகச் சோதித்தது. இரண்டு முதல் பதினோரு வயதுவரையான 249 குழந்தைகளுக்கு, வீட்டோடு பள்ளியிலும் இதே முறையைக் கொண்டுபோய், 2022-இல் முடிவை வெளியிட்டது. பெரியவர்கள் மாறினார்கள், அவர்களோடு இருக்கையில் குழந்தையும் மாறியது. ஆனால் அறிமுகமில்லாதவர் நடத்தும் சோதனையில் வழக்கமான சேவை பெற்றவர்களைவிட முன்னேற்றம் தெரியவில்லை. ஆகவே வீட்டில் கிடைத்தது வகுப்பறைக்குத் தானாக நடந்துபோய்விடும் என்று எண்ணிக் கவினின் பெற்றோர் சும்மா இருந்துவிட முடியாது. பள்ளியில் சேர்க்கும் நாளில் ஆசிரியையிடம் அவர்கள் கொடுக்க வேண்டியவை ஒரு நிமிட வீடியோவும் மூன்று தகவல்களும்: கேட்ட பிறகு இவனுக்குப் பத்து வினாடி கொடுங்கள்; பொருளை நீட்டினால் அது பேச்சு, வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு சொல் சொல்லுங்கள்; "தண்ணி வேணுமா?" என்று உங்களைக் கேட்டால் இவனுக்குத் தாகம்.